கணினி எரிகிறதா, கிளம்புகிறதா?

ஸ்பெயினில் பல்கலைக்கழகமோ பெரிய அலுவலகமோ எதுவானாலும், கணினி பழுதானால் அழைப்பதற்கென்று ஒரு பயனர் உதவி மையம் இருக்கும். அங்கே தொலைபேசியை எடுப்பவர் அநேகமாக முதலில் கேட்கும் கேள்வி இது: "சே என்சியெந்தே?" ஆன் ஆகிறதா என்று அர்த்தம். இந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேலைக்கோ படிப்புக்கோ அந்த நாட்டுக்குப் போய், ஸ்பானிஷ் இன்னும் சரளமாக வராதவர்கள் தடுமாறுவது இங்கேதான். "நோ ஃபுன்சியோனா", அதாவது "வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு டெக்னீஷியனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்பானிஷில் இதற்கு இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. "நோ சே என்சியெந்தே" என்றால் மின்சாரமே உள்ளே போகவில்லை: பட்டனை அழுத்தினால் விளக்கு இல்லை, சத்தம் இல்லை. "நோ அர்ராங்கா" என்றால் மின்சாரம் இருக்கிறது, விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் விண்டோஸ் வரை வந்து சேரவில்லை. அறை விளக்கைப் போடுவதற்கு முதல் சொல், வண்டி எஞ்சின் கிளம்புவதற்கு இரண்டாவது சொல். நாம் "ஆன் ஆகல", "பூட் ஆகல" என்று பிரித்துச் சொல்கிறோமே, அதே பிரிவுதான்.

இந்தப் பிரிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது கணினி கிளம்பும் விதத்தைப் பார்த்தால் புரியும். பட்டனை அழுத்தியதும் பவர் சப்ளை மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கிறது. அதை ஸ்பெயினில் "ஃபுவென்தே தே அலிமென்தாசியோன்" என்பார்கள். பேச்சில் வெறும் "ஃபுவென்தே". அடுத்து மதர்போர்டில் இருக்கும் சிறிய நிரல் ஒன்று நினைவகம், விசைப்பலகை, திரை எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விடுகிறது. கோளாறு கண்டால் சில கணினிகள் பீப் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் "பித்தீதோ". எல்லாம் சரியாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி, அதிலிருந்து விண்டோஸை ஏற்றத் தொடங்கும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் எந்தப் பாகத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும் தெரியும். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்குக் கண் கிடையாது. அழைப்பவர் சொல்லும் நாலு வாக்கியம்தான் அவருக்குக் கண்.

ஒரு உதாரணம் பார்ப்போம். வலென்சியாவில் ஆராய்ச்சி செய்யும் ஒரு தமிழ்ப்பெண், திங்கட்கிழமை காலை ஆய்வகத்துக்கு வந்து தன் கணினியைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. அவர் அழைத்து "நோ ஃபுன்சியோனா" என்கிறார். டெக்னீஷியன் அடியிலிருந்து தொடங்குகிறார். "எஸ்தா என்ச்சுஃபாதோ?" பிளக் மாட்டியிருக்கிறதா? "லா ரெக்லேத்தா எஸ்தா என்சென்தீதா?" மேசைக்கடியில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா? வேலைக்காகாத கேள்விகள் அல்ல இவை. வார இறுதியில் தரையைத் துடைப்பவர்கள் ரெக்லேத்தாவை அணைத்துவிட்டுப் போவது சர்வ சாதாரணம். ஆனால் இந்தக் கணினியில் விளக்கு எரிகிறது. அதை முதலிலேயே சொல்லாததால் அந்தப் பெண் மேசைக்கடியில் மண்டியிட்டு வயர் வயராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது அதே அழைப்பு வேறு விதமாக: "புவெனோஸ் தியாஸ். எல் ஒர்தெனாதோர் சே என்சியெந்தே, பெரோ நோ அர்ராங்கா." காலை வணக்கம், கணினி ஆன் ஆகிறது, ஆனால் கிளம்பவில்லை. "எல் பெந்திலாதோர் ஹீரா." விசிறி சுற்றுகிறது. "எல் பியெர்னெஸ் ஃபுன்சியோனாபா பியென்." வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் இருந்தது. பள்ளிப்பிள்ளை பேசக்கூடிய சின்ன வாக்கியங்கள்தான். இவற்றைக் கேட்டதும் டெக்னீஷியன் பிளக், ரெக்லேத்தா, ஃபுவென்தே எல்லாவற்றையும் தாண்டி நேராகத் திரைக்கு வந்துவிடுவார்: "கே போனே என் லா பந்தாயா?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் "போனே" என்றால் வைக்கிறது என்று படித்திருப்பார்கள். திரையில் என்ன வைக்கிறது என்று கேட்கிறாரே என்று விழிக்கத் தோன்றும். ஸ்பெயின் பேச்சுவழக்கில் ஓரிடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது இப்படித்தான். பதிலுக்கு "போனே" என்று தொடங்கி, திரையில் இருப்பதை அப்படியே படித்துவிட வேண்டும். நம் உதாரணத்தில் இருந்த வரி இது:

```
No bootable device
```

இதை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. டெக்னீஷியனுக்கு அந்த ஆங்கில வரி மனப்பாடம். நாம் சொந்தமாக மொழிபெயர்த்தால்தான் குழப்பம். கிளம்புவதற்கான டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று கணினி சொல்கிறது. டெக்னீஷியனின் அடுத்த கேள்வி, "தியெனே அல்கூன் பென்ட்ரைவ் கொனெக்தாதோ?" ஆம், வெள்ளிக்கிழமை தரவுகளை நகலெடுத்த பென்ட்ரைவ் அதே இடத்தில் செருகியிருக்கிறது. சில கணினிகளில், குறிப்பாகக் கொஞ்சம் பழையவற்றில், முதலில் பென்ட்ரைவில் தேடு என்று அமைத்திருப்பார்கள். அதில் விண்டோஸ் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். "கீத்தெலோ", எடுத்துவிடுங்கள் என்கிறார். பிறகு "மன்தெங்கா புல்சாதோ எல் போத்தோன்", பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பத்து விநாடி போல விரலை எடுக்காமல் பிடித்தால் கணினி முழுதாக அணையும். மீண்டும் போட்டால் விண்டோஸ் வருகிறது. பென்ட்ரைவை எடுத்த பிறகும் அதே வரி வந்திருந்தால் சந்தேகம் ஹார்ட் டிஸ்க்கின் மேலோ அதன் வயரின் மேலோ விழும். அது தொலைபேசியில் தீராது. ஆள்தான் வர வேண்டும்.

சொற்களைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. தமிழருக்கு அது எளிது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. "அணைத்தேன்" என்பதற்கும் "அணைந்தது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஸ்பானிஷில் அந்த வேலையை "சே" என்ற சிறு சொல் செய்கிறது. "லோ ஏ அபகாதோ" என்றால் நான் அணைத்தேன். "சே ஆ அபகாதோ" என்றால் தானாக அணைந்துவிட்டது. இந்த ஓரசையை விழுங்கினால் பழுதின் கதையே மாறிப்போகும். நீங்களே அணைத்தீர்கள் என்றால் அதில் கோளாறு எதுவும் இல்லை. தானாக அணைகிறது என்றால் பவர் சப்ளையோ சூடோ காரணமாக இருக்கலாம். "சே அபாகா சோலோ" என்று சொன்னால் இன்னும் தெளிவு: யாரும் தொடாமலே அணைகிறது. கூடவே எப்போது என்பதையும் சொல்ல வேண்டும். போட்ட இரண்டாவது விநாடியே அணைந்தால் மின்சாரப் பக்கம் சந்தேகம். "அ லோஸ் தியேஸ் மினூத்தோஸ்", பத்து நிமிடம் ஓடிய பிறகு என்றால், தூசி அடைத்து விசிறி திணறுகிறதா என்று பார்ப்பார்கள்.

கடல் தாண்டினால் சொற்கள் கொஞ்சம் மாறும். ஸ்பெயினில் ஒர்தெனாதோர் என்பதை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கொம்புத்தாதோரா என்பார்கள். கொலம்பியாவிலும் சிலியிலும் கொம்புத்தாதோர். ஆன் ஆகவில்லை என்பதற்கு அந்தப் பக்கம் "நோ பிரெந்தே" அதிகம் கேட்கும். ரெக்லேத்தாவுக்கு அர்ஜென்டினாவில் சபத்தீயா என்று பெயர். அது காலில் போடும் செருப்பின் பெயரும்கூட, எனவே டெக்னீஷியன் மேசைக்கடியில் சபத்தீயாவைப் பாருங்கள் என்றால் திகைக்க வேண்டாம். "கே போனே" என்பதற்குப் பதிலாக அங்கெல்லாம் "கே தீசே", என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். அர்ராங்கா மட்டும் எங்கே சொன்னாலும் புரியும்.

திரை நீலமாகிவிட்டால் சொல்ல வேண்டியது "பந்தாயா அசூல்". விண்டோஸை ஸ்பானிஷில் வைத்திருந்தாலும் அந்த நீலத்திரையின் அடியில் வரும் குறியீடு ஆங்கிலத்திலேயே இருக்கும்:

```
Código de detención: INACCESSIBLE_BOOT_DEVICE
```

முதல் பாதி ஸ்பானிஷ், நின்றதற்கான குறியீடு என்று அர்த்தம். டெக்னீஷியனுக்கு வேண்டியது இரண்டாம் பாதி. வாயால் படிக்கக் கடினமாக இருந்தால் திரையைப் படமெடுத்து அனுப்பலாமா என்று கேளுங்கள்: "லே மன்தோ ஊனா ஃபோத்தோ?"

நீலத்திரையை ஒரே நாளில் உலகமே பார்த்தது 2024 ஜூலை 19 அன்று. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. ஸ்பெயின் விமான நிலையங்களும் திணறின. பல கணினிகள் தாமே மறுபடி தொடங்குவதும் விழுவதுமாக இருந்தன. ஸ்பானிஷில் "சே ரெய்னீசியா சோலோ". அவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில், அதாவது "மோதோ செகூரோ"வில் கிளப்பி, ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் அதற்கும் முன்னால் 48 இலக்க மீட்புச் சாவி தேவை.

அந்தச் சாவியை உதவி மையத்தில் இருப்பவர் தொலைபேசியில் சொல்ல, இந்தப் பக்கம் ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். இங்கே அறுபதுக்கும் எழுபதுக்கும்தான் கவனம் தேவை: "செசென்தா", "செதென்தா". ஸ்பானிஷ்காரர்களே தொலைபேசியில் இவற்றைக் குழப்பிக்கொள்வார்கள். அதனால் "சிஃப்ரா அ சிஃப்ரா, போர் ஃபவோர்", ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். வேகமாகப் போனால் "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்". ஆறு இலக்கம் முடிந்ததும் திருப்பிப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த தொகுதிக்குப் போகலாம். ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைந்திருக்கிறது. ஒரு இலக்கம் தவறினாலும் அந்த வகுத்தல் கெட்டு, பிழை எந்தத் தொகுதியில் என்று தெரிந்துவிடும். ஐந்தாவது தொகுதியில் தவறு என்றால் முழுச் சாவியையும் மறுபடி கேட்க வேண்டாம். "எல் கீன்தோ க்ரூப்போ, ஒத்ரா வேஸ்" என்றால் போதும்.