பூனையை வெளியே விடலாமா?

பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதா, இஷ்டம்போல் வெளியே திரிய விடுவதா என்ற கேள்வியை என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர், பூனைக்கு ஏதேனும் விபரீதம் நேர்ந்து, சிகிச்சை மேஜைமேல் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் சமயத்திலேதான் கேட்கிறார்கள். சமீப காலமாக அடிக்கடி வருபவை இரண்டு வகை. ஒன்று, தெருவெல்லாம் சுற்றி, சண்டையில் கடிபட்டு, மூன்று நாள் வீட்டு வைத்தியத்துக்குப் பிறகு வரும் கடுவன். மற்றொன்று, வாசற்படியே தாண்டாமல் கொழுத்து வளர்ந்து, இரண்டு நாளாக நீர் பிரியாமல் வரும் கடுவன். வெளியே விட்டவருக்கும் துக்கம், அடைத்து வைத்தவருக்கும் துக்கம் என்றால் எதைத்தான் செய்வது? உள்ளே வைத்துக்கொள்வதே மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கதவைச் சாத்துவதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கூரைமேல் நடக்கும் சண்டை

வெளியே திரியும் பூனைக்கு வாகனமும் தெருநாயும் அபாயம் என்பது யாவருக்கும் தெரியும். தெரியாத அபாயம் மற்றொரு பூனையின் பல். பூனையின் கோரைப்பல் ஊசிபோல் மெல்லியதாகையால், அது பதிந்த துவாரம் ஒரே நாளில் மூடிக்கொள்ள, உள்ளே போன கிருமிகள் தோலுக்கடியில் சிறைப்பட்டு, இரண்டு மூன்று நாளில் சீழ்க்கட்டியாகக் கிளம்புகின்றன. மேலே ரோமம் மூடியிருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை; பூனை சோறு தொடாமல் மூலையில் ஒடுங்கியிருக்கும், தூக்கினால் சீறும், உடம்பு சுடும். விரலால் ரோமத்தை எதிர்ப்புறமாக நீவிப் பார்த்தால், காய்ந்த ரத்தப் பொருக்கு ஒன்று மிளகளவில் தட்டுப்படும். அது கன்னத்திலோ முன்காலிலோ இருந்தால் பூனை எதிர்த்து நின்றது என்றும், வாலடியில் இருந்தால் ஓடும்போது கடிபட்டது என்றும் ஊகிக்கலாம்.

கடிபட்ட மறுநாளே கொண்டுவந்தால், பெரும்பாலும் சில நாள் மருந்தோடு முடிந்துபோகும். நான்காம் நாள் கொண்டுவந்தால் மயக்கம் கொடுத்துக் கட்டியைக் கீறிச் சீழை வடித்துக் கழுவ வேண்டும். கடியின் வழியாகப் பரவி எதிர்ப்புச் சக்தியைச் சிதைக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸுக்கோ, இன்றுவரை தீர்க்கும் மருந்து கிடையாது.

அரை மாத்திரை செய்த வினை

ஓட்டு வீடுகள் நெருங்கிய ஒரு தெருவில், கருத்தடை செய்யப்படாத இரண்டு வயதுக் கடுவன் ஒன்று, ஞாயிறு இரவு கூரைமேல் சண்டையிட்டு, திங்கட்கிழமை முன்காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. உடம்பு சுடுவதைக் கண்ட வீட்டார், குழந்தைக்குக் கொடுப்பதுதானே என்று, ஐந்நூறு மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து புகட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அதன் முகமும் பாதங்களும் வீங்கியிருந்தன. இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. "நேற்று காய்ச்சல் மட்டும்தான் டாக்டர், இன்றைக்கு மூச்சும் வாங்குகிறது" என்று சொல்லிக்கொண்டே மத்தியானம் கொண்டுவந்தார்கள்.

நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு இருநூற்றைம்பது மில்லிகிராம் என்றால், கிலோவுக்கு அறுபதுக்கும் மேல். கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் கொடுத்தே விஷமேறிய பூனைகள் உண்டு. நம் ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் ஏறக்குறைய இல்லை. ஆகவே அது ரத்தத்தைக் கெடுத்துப் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. மாற்று மருந்து இருக்கிறது என்றாலும், சில மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான் பூரணப் பிரயோஜனம். புகட்டிய பாலில் பெரும்பகுதியை அது உடனே கக்கிவிட்டிருந்ததாலேயே அந்தக் கடுவன் சில நாள் இழுபறிக்குப் பின் பிழைத்தது. அதற்குப் பிறகும், எல்லாவற்றுக்கும் காரணமான முன்காற் கட்டி கீறுவதற்காகக் காத்திருந்தது!

இந்த மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், அடுத்த வாரமும் ஒருவர் அதே கதையோடு வந்து நிற்கிறார். நாய்க்குரிய உண்ணி மருந்தைப் பூனைமேல் பூசுவதும் இதைச் சேர்ந்த அவிவேகமே. அவற்றில் பலவற்றில் கலந்துள்ள பெர்மெத்ரின், பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கும். தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியால் புண்ணைக் கழுவுவதும் வேண்டாம். பூனை அதை நக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடைத்து வைத்தால் போதுமா?

உள்ளேயே இருக்கும் கடுவனின் ஆபத்து நீரடைப்பு. உலர் தீனியே உணவாக, தண்ணீர் குறைவாக, அசைவின்றிப் படுத்துப் பருத்துப்போன கடுவனுக்கு, மெல்லிய நீர்த்தாரையில் சளியும் நுண்ணிய உப்புப்பொடியும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. விருந்தாளிகள் வந்து மிரட்சியடைந்த சமயங்களிலும் இது தலைகாட்டும். பூனை மணல் தட்டுக்கு ஓடி ஓடிக் குந்தி முக்கும், முனகும், பின்புறத்தை நக்கிக்கொண்டேயிருக்கும். வீட்டார் அதை மலச்சிக்கல் என்று நிச்சயித்து விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். அந்த எண்ணெய் ஒரு நாளை விழுங்கிவிடுகிறது. அந்த ஒரு நாளில் வெளியேறாத கழிவு ரத்தத்தில் ஏறி இருதயத்தைத் தடுமாற வைக்கிறது. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மணல் நனைந்திருக்கிறதா என்று கையால் கிளறிப் பார்ப்பது ஒன்றே போதும். நனையவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

நாம் நம்பிக்கொண்டிருப்பவை

"நக்கியே புண்ணை ஆற்றிக்கொள்ளும்" என்பார்கள். தோலுக்கடியில் சீழ் கட்டியபின் நாக்கு அங்கே எட்டுவதெப்படி?

"எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்" என்பது மாடி வீட்டுக்காரர்களின் தைரியம். உயர்ந்த கட்டடங்களிலிருந்து விழுந்து நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஆராய்ச்சியில், சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன என்று இருப்பதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவதுண்டு. ஆனால் விழுந்த இடத்திலேயே மாண்டவற்றை மருத்துவமனைக்கு எவரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை என்பதையும், பிழைத்தவை பலவும் மார்புக் காயத்தோடும் உடைந்த பல், தாடையோடும் வந்தவை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பால்கனிக்குக் கம்பிவலை அடிக்காதவரையில், மூன்றாம் மாடியில் இருக்கும் பூனை உள்ளே இருக்கும் பூனை ஆகாது.

"வெளியே போகாத பூனைக்குத் தடுப்பூசி எதற்கு?" என்று கேட்பவர்கள், குட்டிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் பேன்லூகோபீனியா என்ற வாந்திபேதி நோயின் வைரஸ் தரையில் ஒரு வருஷம்வரைகூடக் கிடந்து, நம் செருப்போடு வீட்டுக்குள் நுழையக்கூடியது என்பதை அறியவேண்டும். எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதற்கான ஊசியும், பன்னிரண்டு வாரத்துக்குப் பின் வெறிநோய் ஊசியும் உள்ளே இருக்கும் பூனைக்கும் உரியவை.

"ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு ஆரோக்கியம்" என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

கடைசியாக, "அடைத்து வைப்பது பாவம் அல்லவா?" என்பது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பூனை வெளியே தேடுவது எதை என்று யோசித்தோமானால், பதுங்கிப் பாய ஓர் இரை, ஏறி உட்கார ஓர் உயரம், நகம் கீற ஒரு மரம், பராக்குப் பார்க்க ஒரு ஜன்னல் என்று நாலைந்து விஷயங்களில் அடங்கிவிடும். இங்கிலாந்தில் 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தினமும் ஐந்து பத்து நிமிஷம் கயிற்றில் இறகு கட்டி விளையாட்டுக் காட்டியதிலேயே, வெளியே திரியும் பூனைகள் பிடித்து வரும் இரை கால் பங்கு குறைந்தது. வேட்டை வெறியின் ஒரு பகுதியை நம் கூடத்திலேயே தணிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பரிசோதனை

நோயுற்று வரும் பூனைக்குத் தேவைக்கேற்ப ரத்தம், சிறுநீர், எஃப்.ஐ.வி. சோதனைகள் செய்கிறோம்; விழுந்திருந்தால் எக்ஸ்ரேயும் எடுக்கிறோம்.

யாருடைய பூனையை எதுவரை விடலாம்?

அடுக்குமாடியிலும் வாகனம் ஓடும் வீதியிலும் இருப்போர் முழுக்க உள்ளேயே வைத்துக்கொள்ளவேண்டும். தடுப்பூசி முடியாத குட்டி, காது கேளாத பூனை, எஃப்.ஐ.வி. கண்ட பூனை ஆகியவை எந்த ஊரிலும் வெளியே போகலாகாது. விசாலமான கொல்லையும் சந்தடியற்ற சுற்றுப்புறமும் உள்ள கிராமத்து வீட்டில், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த பூனையைப் பகலில் விடலாம். ஆனால் பொழுது சாய்வதற்குமுன் ஒரே குரலில் கூப்பிட்டு, அன்றைய முக்கிய உணவை வீட்டுக்குள் வைத்து, இரவில் கதவைச் சாத்திவிடவேண்டும். பக்கத்து வயலிலோ மளிகைக்கடைக் கிடங்கிலோ எலிமருந்து வைக்கும் நாட்களில் பகலிலும் விடலாகாது. விஷம் தின்று தள்ளாடும் எலியே பூனைக்குச் சுலபமான இரை.

முன்பு சொன்ன கடுவனுக்கு, உடம்பு தேறியதும் கருத்தடை செய்யச் சொன்னேன். அறுவை முடிந்ததும் சண்டைக்குணம் ஒரே நாளில் போய்விடாது, சில வாரம் பிடிக்கும். அதுவரை இரவில் வாசற்கதவைப் பிராண்டிக் கத்தும். இரங்கி ஒரே ஒரு நாள் திறந்துவிட்டால், கத்தினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொண்டுவிடும். மாலையில் களைக்கக் களைக்க விளையாட்டுக் காட்டி, உடனே உணவு வைத்தால் கத்தல் தணியும். கருத்தடைக்குப்பின் உடம்புக்குத் தேவையான உணவு ஏறக்குறைய கால் பங்கு குறைவதால், அளவைக் குறைத்து, உலர் தீனியோடு ஈரமான மீனையோ கோழியையோ சேர்த்து, தண்ணீரைச் சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் வைக்கச் சொன்னேன். மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம் இருக்கட்டும். பரணுக்கு ஏற ஒரு பலகையும், சாக்குச் சுற்றிய ஒரு கட்டையும் பெரிய செலவல்ல.

உங்களை வேண்டிக்கொள்வது

தயவுசெய்து, ஐந்து மாதத்துக்குள் கருத்தடைக்கு அழைத்து வாருங்கள்; நாலு இரவு வெளியே தங்கிவிட்டு வந்தபின் அல்ல. பூனை ஒரு நாள் முழுதும் சாப்பிடவில்லையென்றால் அன்றே வாருங்கள். நீர் பிரியவில்லையென்றால் அந்த மணி நேரத்திலேயே வாருங்கள். வெளியே திரியும் பூனை உங்களைக் கடித்தாலோ பிராண்டினாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, உங்களுக்கான தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி செல்லுங்கள். பூனையைக் கொண்டுவருகிற வழியில் மருந்துக்கடையில் எதையும் வாங்கி அதற்குப் புகட்டாதீர்கள். ஏற்கெனவே புகட்டிவிட்டீர்களானால் கோபித்துக்கொள்வேன் என்று மறைக்காமல், அந்த அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால்தான் மாற்று மருந்தைத் தாமதமின்றித் தொடங்க முடியும்.