அருகே போனால் மட்டும் தெரியும் நூல்

வீடியோ கேமில் இருவர் பேசும் காட்சி. கேமரா மெல்ல நெருங்கி, சட்டைக் காலர் திரையின் கால்வாசியை அடைத்துக்கொள்கிறது. பழைய விளையாட்டுகளில் அந்தக் காலர் சாயம் பூசிய அட்டை போல மழுமழுவென்று இருக்கும். இப்போது இழை இழையாக நெசவே தெரிகிறது. யாரோ சட்டை முழுவதற்கும் நூல் நூலாக வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால், அது நடக்காத காரியம். கணக்குப் போட்டாலே விளங்கும்.

கணினியில் சட்டையின் துண்டுகள் ஒரு சதுரப் படத்தின்மேல் பரப்பி வைக்கப்படுகின்றன. முழுக்கைச் சட்டைக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் சதுரம் என்று கொள்வோம். படம் 2048 பிக்சல் அகலம் என்றால், ஒரு சென்டிமீட்டர் துணிக்கு ஏறக்குறைய 14 பிக்சல்தான் கிடைக்கும். நல்ல பருத்திச் சட்டைத் துணியிலோ அதே ஒரு சென்டிமீட்டரில் 30 நூல் ஓடலாம். ஒரு பிக்சலுக்குள் இரண்டு நூல் அடங்கிவிட்டால் நெசவு எங்கே தெரியும்? நூல் ஒன்றுக்கு 8 பிக்சல் கொடுக்க வேண்டுமானால் படத்தின் அகலம் 36,000 பிக்சலாக வேண்டும். சுருக்கிச் சேமித்தாலும் ஒரு சட்டையே ஒரு ஜிபிக்கு மேல் நினைவகத்தை விழுங்கிவிடும்.

அதனால் சட்டையின் நிறம், மடிப்பு, தையல் எல்லாம் பெரிய படத்தில் இருக்கட்டும்; நெசவை மட்டும் தனியே பிரித்துவிடலாம். 512 பிக்சல் அகலத்தில், 2 சென்டிமீட்டர் துணியை, அதாவது 60 நூலைக் காட்டும் சிறு சதுரம் ஒன்று போதும். தரையில் டைல் பதிப்பதுபோல் அதைக் குறுக்கே 75 முறை, நெடுக்கே 75 முறை அடுக்கினால் சட்டை நிறைந்துவிடும். செலவு கால் எம்பி. 1998-இல் வந்த ‘அன்ரியல்’ விளையாட்டிலேயே சுவருக்கு அருகே போனால் இப்படி ஒரு நுண்படலம் தெரியும்.

இந்தச் சதுரம் பெரும்பாலும் நார்மல் மேப்பாகவே இருக்கும். அது நிறத்தைச் சொல்லாது; ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். வெளிச்சம் நகரும்போது நூல் மேடும் பள்ளமுமாகத் தெரிவது அதனால்தான். அதைச் சட்டையின் மடிப்புகளோடு கலப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மடிப்பும் மங்கும், நெசவும் மங்கும். மடிப்பின் சரிவுக்கு ஏற்ப நெசவைத் திருப்பி வைக்கும் முறையை 2012-இல் காலின் பாரே-பிரிஸ்புவாவும் ஸ்டீபன் ஹில்லும் விளக்கி எழுதினார்கள். இன்று அது பரவலாகப் புழங்குகிறது.

நெசவுச் சதுரத்தைத் தயாரிக்கும்போது நூலை எண்ண வேண்டும். ஜீன்ஸ் துணியின் சாய்கோடு நான்கு நூலுக்கு ஒருமுறை திரும்ப வரும். 60 நூல் நான்கால் வகுபடும். கோடு ஒழுங்காக அடுத்த சதுரத்துக்குள் ஓடும். 62 நூலை வெட்டி வைத்தால் 2 சென்டிமீட்டருக்கு ஒருமுறை கோடு முறியும். இன்னொரு தவறு, துண்டுகளைக் கண்டபடி திருப்பிப் பரப்புவது. கைத்துண்டு சாய்ந்து கிடந்தால் தோள்பட்டைத் தையலுக்கு இந்தப் பக்கம் நூல் நேராகவும் அந்தப் பக்கம் கோணலாகவும் ஓடும். தையல் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

தோலில் சங்கடம் வேறு. அதன் வரிகளுக்குத் துணி அளவுக்குத் திசைக் கட்டுப்பாடு இல்லை. கொஞ்சம் திரும்பினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் துணி இயல்பிலேயே திரும்பத் திரும்ப வரும் பொருள், தோல் அப்படியல்ல. சதுரத்தில் ஒரு பெரிய துளையோ தழும்போ இருந்தால், ஜாக்கெட் முழுவதும் அதே தழும்பு வரிசைகட்டி நிற்கும். எனவே கண்ணை இழுக்கும் எதுவும் சதுரத்தில் இருக்கக்கூடாது. முழங்கைச் சுருக்கமும் தேய்மானமும் பெரிய படத்தின் வேலை. தேய்ந்த இடத்தில் நுண்வரியைக் குறைக்க ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மறைப்பாகப் போடுவார்கள்.

கேமரா விலகும்போதுதான் உண்மையான சோதனை. 1080 பிக்சல் உயரத் திரையில், 40 பாகைக் கோணத்தில் பார்க்கும் கேமராவுக்கு, அரை மீட்டர் தொலைவில் ஒரு நூல் ஒரே பிக்சலாகிவிடும். அதற்கப்பால் நெசவைக் காட்ட முயன்றால் துணி மினுமினுக்கும். இல்லாத அலைகள் நெளியும். ஆகவே தொலைவுக்கு ஏற்ப நெசவின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து அணைத்துவிடுகிறார்கள். நெசவு தெரிய வேண்டும் என்ற ஆசையில் நூலை இரண்டு மடங்கு பெரிதாக்குவதும் உண்டு. கொஞ்சம் கூடினாலும் சட்டை சாக்காகிவிடும்.

அணைப்பதோடு வேலை முடியாது. ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்த மேடுபள்ளம் மறைந்ததும் துணி வழுவழுப்பாகி, தூரத்தில் பட்டுப்போல் பளபளக்கத் தொடங்கும். நெசவு எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பச் சொரசொரப்பு மதிப்பை உயர்த்தி அதை ஈடுகட்ட வேண்டும். சரியாக ஈடாகிவிட்டதா என்று பார்க்க, பின்னால் ஒரு விளக்கை வைத்துக் கேமராவை முன்னும் பின்னும் ஓட்டினால் போதும்: தோளில் விழும் ஒளித்திட்டு ஓரிடத்தில் சட்டென்று சுருங்கினால் கணக்கு அங்கே பிசகியிருக்கிறது.