கடைசி டியூ கட்டியாச்சு, ஆர்.சி.யில் பெயர் போச்சா?

வண்டிக்கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்ததும் வண்டி முழுக்க நம்முடையதாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். கடன் கொடுத்தவரின் கணக்குப் புத்தகத்தில் அது உண்மைதான். ஆனால் அவருடைய பெயர் இன்னும் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பதிவேடு. இன்னொன்று, வண்டியின் இன்ஷூரன்ஸ் பாலிசி. இந்த இரண்டிலிருந்தும் பெயரை எடுக்க வேண்டியது வண்டிக்காரரின் பொறுப்பு. இதை ஆர்.டி.ஓ. வட்டாரத்தில் ‘எச்.பி. கேன்சல்’ என்பார்கள்.

நகைக்கடன் வாங்கினால் நகை வங்கியின் லாக்கரில் இருக்கும். பணத்தைக் கட்டினால் நகையைக் கையில் தருவார்கள், அத்தோடு விஷயம் முடிந்தது. வண்டிக்கடனில் அப்படி இல்லை. வண்டி முதல் நாளிலிருந்தே நம்மிடம்தான் ஓடுகிறது. அதை அவர்களுக்குத் தெரியாமல் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, கடன் கொடுத்தவரின் பெயரைப் பதிவுச் சான்றிலேயே எழுதி வைக்கிறார்கள். இதுதான் ஹைப்பாதிகேஷன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 51ஆம் பிரிவில் இதற்கு இடம் தருகிறது. அந்தப் பெயர் இருக்கும் வரை, கடன் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. கடன் தீர்ந்திருந்தாலும், பதிவேட்டில் பெயர் இருந்தால் இதே நிலைதான்.

முதலில் கணக்கு, பிறகு கடிதம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திண்டுக்கல்லில் ஒருவர் 36 மாதத் தவணையில் பைக் வாங்குகிறார். கடைசித் தவணை அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. ஒரு மாதம் கழித்தும் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., வரவில்லை. நிதி நிறுவனத்தின் கிளைக்குப் போய்க் கடன் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குகிறார். இரண்டாம் வருடத்தில் ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியிருக்கிறது. அடுத்த வாரமே அந்தத் தவணையைக் கட்டிவிட்டார். ஆனால் அதற்கான கட்டணம் 590 ரூபாய் நிலுவையாகவே நிற்கிறது. அந்த 590 ரூபாய் தீராததால் அவர்களின் கணினியில் கடன் முடியவில்லை.

இப்படிச் சின்னத் தொகை நின்றுபோவது சகஜம். அதனால் கடைசித் தவணைக்கு முன்பே கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, இன்னும் எவ்வளவு பாக்கி என்று பார்த்துவிடுவது நல்லது. போட்ட கட்டணம் நியாயமில்லை என்று தோன்றினால் அப்போதே எழுதிக் கேட்கலாம்.

கடன் முடிந்ததும் நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று என்.ஓ.சி.; மற்றொன்று, நிறுவனத்தின் கையொப்பமும் முத்திரையும் உள்ள படிவம் 35. கடன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று இரு தரப்பும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் படிவம் அது. வண்டிக்காரரும் அதில் கையெழுத்திட வேண்டும். வாங்கிய இடத்திலேயே நின்று, அதிலுள்ள வண்டி எண், சேஸிஸ் எண், என்ஜின் எண், உரிமையாளர் பெயர் ஆகியவற்றை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பி அனுப்பக்கூடும். மாற்றுச் சாவியை நிறுவனம் வாங்கி வைத்திருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

சொந்த உபயோகத்துக்காகத் தனிநபர் வாங்கிய வண்டிக்கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு கெடு வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு கடன்காரருக்குத் தர வேண்டும். வங்கிகளும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது.

ஆர்.டி.ஓ.வில் நடக்க வேண்டியது

விண்ணப்பத்தை parivahan.gov.in தளத்தில் தொடங்க வேண்டும். வாகனச் சேவைகள் பகுதியில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் கொடுத்தால், பதிவேட்டில் உள்ள கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். வண்டி வாங்கியபோது கொடுத்த எண் இப்போது இல்லையென்றால், முதலில் அதை மாற்ற வேண்டும். பிறகு Hypothecation Termination என்ற சேவையைத் தேர்ந்தெடுத்து, கேட்கும் கட்டணத்தைக் கட்டி, ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் நேரில் கேட்டால் அந்தச் சீட்டு, படிவம் 35, என்.ஓ.சி., ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டியிருக்கும். போவதற்கு முன் இன்ஷூரன்ஸ் காலாவதி ஆகவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததற்கு அடையாளம், புதிய ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இல்லாமல் இருப்பது. எம்பரிவாகன் செயலியிலும் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தள்ளிப்போட்டால் சிக்கல் கூடும். பல நிறுவனங்கள் தரும் என்.ஓ.சி. சுமார் 3 மாதம்தான் செல்லும். அது கழிந்தால் மறுபடி வாங்க வேண்டும். அதற்குள் நிறுவனமே மாறியிருக்கலாம். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. ஆர்.சி.யில் பழைய வங்கியின் பெயரும் படிவத்தில் புதிய வங்கியின் முத்திரையும் இருந்தால், இணைப்பைக் காட்டும் கடிதத்தையும் வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டும்.

மறந்துபோகும் பாலிசி

திண்டுக்கல்காரர் ஆர்.சி.யை மாற்றிவிட்டு, பாலிசியை அப்படியே விட்டுவிடுகிறார் என்று வையுங்கள். ஆறு மாதத்தில் பைக் திருடுபோகிறது. பாலிசியில் ஹைப்பாதிகேஷன் குறிப்பு இருப்பதால், முழு இழப்புத் தொகை முதலில் நிதி நிறுவனத்துக்குத்தான் உரியது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி எடுத்துக்கொள்ளும். பைக்கைப் பறிகொடுத்த நேரத்தில் அவர் மறுபடி என்.ஓ.சி.க்கு அலைய வேண்டும். புதிய ஆர்.சி.யின் நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, அந்தக் குறிப்பை நீக்கிய திருத்தத்தை எழுத்தில் வாங்கிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

உங்கள் வீட்டில் கடன் தீர்ந்த வண்டி இருந்தால், இன்றைக்கே ஆர்.சி.யையும் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். பழைய கடன்காரரின் பெயர் இன்னும் இருந்தால், என்.ஓ.சி. செல்லுபடியாகும் காலத்துக்குள் இரண்டிலிருந்தும் நீக்கிவிடுங்கள். அது முடியும் வரை கடன் முடிந்ததாக எண்ணாதீர்கள்.