ஐபிவி6 வலையமைப்பில் தன்முகவரி அமைவும் அண்டை அறிதலும்

முன்னுரை

ஐபிவி4 முறையில் கணினிக்கு முகவரி வழங்குவது டிஹெச்சிபி வழங்கி. அண்டைக் கணினியின் வன்பொருள் முகவரியைக் கண்டறிவது ஏஆர்பி. ஐபிவி6 முறையில் இவ்விரு பணிகளையும் ஐசிஎம்பிவி6 என்னும் ஒரே நெறிமுறை ஏற்றுக்கொள்கிறது. இம்மாற்றத்தையும், பழைய பழக்கத்தால் அதில் நேரும் ஒரு பிழையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோவின் அலைபேசி வலையமைப்பு ஐபிவி6 முகவரிகளைப் பரவலாகப் பயன்படுத்துகிறது. கம்மாபுரத்தில் ஒருவர் அத்தகைய கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைப்பதாகக் கொள்வோம். வலையமைப்பு கைப்பேசிக்கு 64 பிட் முன்னொட்டு ஒன்றை அளிக்கிறது. கைப்பேசி ரவுட்டராக நின்று அதனை மடிக்கணினியுடன் பகிர்கிறது. கீழுள்ள முகவரிகள் விளக்கத்திற்கென ஒதுக்கப்பட்டவை.

தன்முகவரி அமைவு

மடிக்கணினியின் வன்பொருள் முகவரி 00:00:5e:00:53:12 எனில், அதன் நடுவே ff:fe சேர்க்கப்படுகிறது. முதல் பைட்டின் ஏழாவது பிட் மாற்றப்படுகிறது. அதன்முன் fe80:: சேர, fe80::200:5eff:fe00:5312 என்ற முகவரி உருவாகிறது. இஃது அந்த இணைப்புக்குள் மட்டுமே செல்லும். இதனை வேறெவரேனும் பயன்படுத்துகின்றனரா என மடிக்கணினி முதலில் வினவுகிறது. ஏறத்தாழ ஒரு நொடிக்குள் மறுப்பு வராவிடில் முகவரியை ஏற்கிறது.

பின்னர் ff02::2 என்னும் முகவரிக்கு, 'ரவுட்டர் உண்டா?' என்ற வேண்டுகோள் செல்கிறது. கைப்பேசி 2001:db8:12:1::/64 என்ற முன்னொட்டை அறிவிக்கிறது. மடிக்கணினி தன் பகுதியை அதனுடன் இணைத்து 2001:db8:12:1:200:5eff:fe00:5312 என்ற பொதுமுகவரியை அமைத்துக்கொள்கிறது. எவருக்கு எம்முகவரி என்ற பதிவேட்டை எங்கும் வைப்பதில்லை என்பதே டிஹெச்சிபியிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது. செல்லுமிடமெல்லாம் ஒரே பின்பகுதி தொடர்ந்தால் கருவி அடையாளம் காணப்படும் என்பதால், இன்றைய இயங்குதளங்கள் பெரும்பாலும் வன்பொருள் எண்ணுக்கு மாற்றாகத் தற்போக்கான எண்ணைப் பயன்படுத்துகின்றன.

அண்டை அறிதல்

ஏஆர்பி வினா இணைப்பிலுள்ள அனைவருக்கும் செல்லும். ஐபிவி6 வினாவோ, தேடப்படும் முகவரியின் இறுதி 24 பிட்டுகளைக் கொண்ட ff02::1:ff00:5312 என்ற குழுவுக்கு மட்டும் செல்லும். அவ்விறுதியையுடைய கணினியே அதனைப் பரிசீலித்துத் தன் வன்பொருள் முகவரியை விடையாக அளிக்கும்.

நேரும் பிழை

ஐபிவி4 முறையில் தீச்சுவரில் ஐசிஎம்பி முழுவதையும் தடுப்போர் உளர். பிங் நின்றாலும் ஏஆர்பி தனியே இயங்குவதால் இணைப்பு பெரும்பாலும் நீடிக்கும். அதே விதியை ஐபிவி6-க்கு இட்டால் முகவரியமைவும் அண்டை அறிதலும் முடங்கும். ஆயினும் ஐபிவி4 வழியாகப் பக்கங்கள் திறப்பதால் குறை மறைந்திருக்கும். லினக்ஸில் அதனைக் காணும் கட்டளைகள்:

```
ip -6 addr
ip -6 neigh
```

முதற்கட்டளையில் fe80 முகவரி மட்டுமே தோன்றினால் ரவுட்டரின் அறிவிப்பு வந்துசேரவில்லை எனலாம். dadfailed எனத் தோன்றினால் அம்முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. பொதுமுகவரி இருந்தும், இரண்டாம் கட்டளையில் ரவுட்டருக்கு நேரே FAILED எனத் தோன்றினால் அண்டை வினாவுக்கு விடை கிட்டவில்லை.

முடிவுரை

ஐசிஎம்பிவி6-இன் 133 முதல் 136 வரையிலான செய்தி வகைகளை உள்ளிணைப்பில் அனுமதிப்பது இக்குறையைத் தீர்க்கும். ஐபிவி4-இல் ஐசிஎம்பியைத் தடுப்பது ஒரு சோதனைக் கருவியை இழப்பதாக அமையலாம். ஐபிவி6-இல் அது முகவரியையே இழப்பதாகும்.