கையை எடுத்த கணத்தில் கீல் தாங்கும் கால் பங்கு

ஒரு மீட்டர் நீளமும் 2 கிலோ நிறையும் உள்ள ஓர் இரும்புத் தண்டை எடுத்துக்கொள்வோம். முழு நீளத்துக்கும் ஒரே பருமன். அதன் ஒரு முனை சுவரில் ஒரு கீலில் மாட்டப்பட்டிருக்கிறது. மறு முனையை உள்ளங்கையில் ஏந்தி, தண்டு கிடைமட்டமாக இருக்கும்படி பிடித்திருக்கிறீர்கள். இப்போது கை தாங்குவது ஒரு கிலோ, கீல் தாங்குவது ஒரு கிலோ. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. சட்டென்று கையை எடுத்துவிடுகிறீர்கள். தண்டு நகரத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் கீல் எவ்வளவு தாங்குகிறது?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படிக்கிற மாணவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். முன்பு தாங்கிய அதே ஒரு கிலோதான் என்பார் ஒருவர். கை விலகியதால் முழுப் பாரமும் கீலுக்கு வந்துவிட்டது, ஆகவே இரண்டு கிலோ என்பார் இன்னொருவர். தண்டுதான் விழத் தொடங்கிவிட்டதே, கீலில் பாரமே இருக்காது என்பார் மூன்றாமவர். மூன்றுக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றுமே தவறு. சரியான விடை அரை கிலோ, அதாவது தண்டின் எடையில் கால் பங்கு. கையை எடுத்ததும் கீலின் பாரம் கூடவில்லை, பாதியாகக் குறைந்துவிட்டது.

இது எப்படி என்று பார்க்க, தெரியாத விசையை முதலில் ஓரங்கட்டிவிட வேண்டும். கீல் தண்டின் மீது செலுத்தும் விசை எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. ஆனால் அது கீல் இருக்கும் புள்ளியிலேயே செயல்படுவதால், அந்தப் புள்ளியைச் சுற்றித் தண்டைத் திருப்ப அதனால் முடியாது. ஆகவே கீலைச் சுற்றிக் கணக்குப் போட்டால் திருப்புகிற விசை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். அது தண்டின் எடை. சீரான தண்டு என்பதால் எடை முழுவதும் நடுப்புள்ளியில், கீலிலிருந்து அரை மீட்டரில் செயல்படுவதாகக் கொள்ளலாம். 2 கிலோவின் எடை 19.6 நியூட்டன். அதை அரை மீட்டரால் பெருக்கினால் திருப்பு விசை 9.8 நியூட்டன் மீட்டர்.

அடுத்து, தண்டு திரும்ப மறுக்கும் அளவு, அதாவது நிலைமத் திருப்புத்திறன். கீலுக்கு அருகில் உள்ள துணுக்கு கொஞ்சமே நகர்ந்தால் போதும், நுனியில் உள்ள துணுக்கு நிறைய நகர வேண்டும். ஒவ்வொரு துணுக்கின் நிறையையும் அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால், கீலைச் சுற்றி ML²/3 என்று வரும். நம் தண்டுக்கு அது 0.667. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். தண்டு என்றதும் மனப்பாடமாக ML²/12 என்று எழுதிவிடுகிறார்கள். அது நடுப்புள்ளியைச் சுற்றிய மதிப்பு. முனையைச் சுற்றித் திரும்பும்போது அதைப்போல நான்கு மடங்கு.

9.8-ஐ 0.667-ஆல் வகுத்தால் தொடக்கக் கோண முடுக்கம் கிடைக்கும். அது 14.7 ரேடியன்/நொடி². பொதுவாக எழுதினால்:

α = 3g / 2L

நிறை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தண்டு இரும்பானாலும் மூங்கிலானாலும், சீராக இருந்து நீளமும் ஒன்றாக இருந்தால் ஒரே வேகத்தில்தான் கிளம்பும்.

இனி கீலுக்கு வருவோம். தண்டின் நடுப்புள்ளி கீலிலிருந்து அரை மீட்டரில் இருப்பதால் அதன் முடுக்கம் 14.7-இல் பாதி, 7.35 மீட்டர்/நொடி². சுதந்திரமாக விழும் பொருளுக்கு இருக்கவேண்டிய 9.8-இல் இது முக்கால் பங்கு. 2 கிலோவுக்கு 7.35 முடுக்கம் தர 14.7 நியூட்டன் போதும். பூமி இழுப்பதோ 19.6 நியூட்டன். மீதி 4.9 நியூட்டனை யாரோ மேல்நோக்கிப் பிடித்திருக்கிறார்கள். கீலைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. ஆகவே கீல்விசை 4.9 நியூட்டன், மேல்நோக்கி, Mg/4. தண்டு இன்னும் சுழற்சி வேகம் பெறாததால் பக்கவாட்டில் எந்த விசையும் அந்தக் கணத்தில் தேவைப்படவில்லை.

முக்கால் பங்கு எடை தண்டை முடுக்குவதில் செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் கீலுக்கு. தண்டின் நீளத்தை மாற்றினாலும் இந்தக் கால் பங்கு மாறுவதில்லை. நீளமான தண்டு மெதுவாகத் திரும்பும், ஆனால் அதன் நடுப்புள்ளி அதே விகிதத்தில் தள்ளிப் போய்விடுவதால் நடுப்புள்ளியின் முடுக்கம் அதேதான்.

இதே விடையை வேறு பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். நடுப்புள்ளியைச் சுற்றிப் பார்த்தால் எடைக்குத் திருப்பும் திறன் இல்லை. கீல்விசை மட்டுமே தண்டைத் திருப்புகிறது. 4.9-ஐ அரை மீட்டரால் பெருக்கினால் 2.45. நடுப்புள்ளியைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் 0.1667. வகுத்தால் மறுபடி அதே 14.7. இந்தச் சரிபார்ப்பு ஒரு நிமிட வேலைதான், ஆனால் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கீல் இல்லாவிட்டால் தண்டு கிடைமட்டமாகவே, திரும்பாமல் விழும். அதைத் திருப்புவது கீலின் அந்த அரை கிலோ உந்துதல்தான்.

அந்தத் திருப்பலின் விளைவை நுனியில் பாருங்கள். நடுப்புள்ளி 7.35 முடுக்கத்தோடு இறங்குகிறது. அதைச் சுற்றிய திருப்பலால் கீல் முனைக்கு மேல்நோக்கி 7.35, மறு நுனிக்குக் கீழ்நோக்கி 7.35. கீல் முனையில் இரண்டும் கழிந்து பூஜ்யம் ஆகிறது. நுனியிலோ கூடி 14.7 ஆகிறது. அது g-யைவிட ஒன்றரை மடங்கு. தண்டின் நுனி, அதே உயரத்திலிருந்து தனியே விழும் கல்லை முந்திக்கொண்டு இறங்குகிறது. கீலுக்கு அருகில் உள்ள பகுதி g அளவுக்கு விழ முடியாமல் தடுக்கப்படுகிறது. அந்த விறைப்பான தண்டு வழியே அது நுனிப் பகுதியைக் கீழே அழுத்துகிறது.

இதை நம்பச் சொல்லவில்லை, வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மீட்டர் மர அளவுகோலின் தொடக்க முனையை மேசை விளிம்பில் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் வையுங்கள். ஆணியோ கீலோ வேண்டாம். அந்த முனையில் தேவைப்படும் விசை மேல்நோக்கியது என்று கண்டோம் அல்லவா, அதை மேசையே தந்துவிடும். மறு முனையை ஒரு நூலில் தொங்கவிட்டுக் கிடைமட்டமாக்குங்கள். 10, 20, 30 என்று ஒவ்வொரு 10 சென்டிமீட்டரிலும் ஓர் இலேசான நாணயம் வைத்து, நூலைக் கத்தரித்து, கைபேசியின் ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். 60 வரை உள்ள நாணயங்கள் அளவுகோலோடு ஒட்டியே இறங்கும். 70, 80, 90-இல் உள்ளவை அந்தரத்தில் பின்தங்கும். கத்தரித்து 0.1 நொடி ஆனபோது 90-இல் உள்ள நாணயத்துக்கும் மரத்துக்கும் இடையே ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். 70-இல் உள்ளதற்கு 2 மில்லிமீட்டர் சொச்சம்தான்.

நூலுக்குப் பதிலாக விரலால் தாங்கிவிட்டு விரலைக் கீழே இறக்கினால் சோதனை கெட்டுப்போகும். நுனி g-யைவிட வேகமாகக் கிளம்புவதால், கீழே இறக்கும் விரலின் மீது அது அழுத்திக்கொண்டே வரும். நாணயங்கள் எல்லாம் பேசாமல் உட்கார்ந்திருக்கும். இந்தக் கணக்கே தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விரல்தான் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

நாணயங்கள் பிரியும் எல்லை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 66.7 சென்டிமீட்டர். அந்தப் புள்ளியின் முடுக்கம் சரியாக g. ஊசலாடும் தண்டு எந்த நீளமுள்ள நூல் ஊசலுக்குச் சமம் என்ற கேள்வியை, டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இளைஞராக இருந்தபோது பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் அவரிடம் எழுப்பினார். 1673-இல் வெளியான தன் ஊசல் கடிகார நூலில் ஹைகன்ஸ் அதைத் தீர்த்துக் காட்டினார். முனையில் தொங்கும் சீரான தண்டுக்கு விடை அதே மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு மீட்டர் தண்டு சிறிதாக ஆடினால், ஒரு முழு அலைவுக்கு 1.64 நொடி எடுக்கும், 66.7 சென்டிமீட்டர் நூல் ஊசலைப் போலவே.

கால் பங்கு என்ற விடை நிலைத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. தண்டு வேகம் பிடித்ததும், அதை வட்டப் பாதையில் பிடித்துவைக்கத் தண்டின் நீளவாக்கிலும் கீல் இழுக்க வேண்டியிருக்கும். கிடைமட்டத்திலிருந்து θ கோணம் இறங்கியபோது நீளவாக்கில் கீல்விசை (5/2)Mg sin θ, தண்டுக்குச் செங்குத்தாக (1/4)Mg cos θ. வெறும் 10 டிகிரி இறங்குவதற்குள் இரண்டும் சேர்ந்து பாதி எடையை எட்டிவிடுகின்றன. நம் ஒரு மீட்டர் தண்டுக்கு அது 0.15 நொடிப் பொழுது. செங்குத்தாகத் தொங்கும் நிலையைக் கடக்கும்போது கீல் தாங்குவது எடையைப்போல இரண்டரை மடங்கு, 2 கிலோ தண்டுக்கு 5 கிலோ. தேர்வில் "விடுவித்த உடன்" என்ற சொற்களைக் கவனிக்காமல் இந்த விடையை எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு.

கீலில் உராய்வு இல்லை, தண்டு சிறிதும் வளையாது என்று வைத்துத்தான் இவ்வளவும் சொன்னோம். நிஜத் தண்டில், நுனி விடுபட்ட செய்தி கீலுக்கு வந்துசேர மிகச் சிறிய நேரம் ஆகும். அதுவரை கீல் பழைய ஒரு கிலோவைத்தான் தாங்கும், பிறகு தண்டு அதிர்ந்து அடங்கிக் கால் பங்குக்கு வரும்.

லாரியின் பின்கதவும் இதே கணக்குக்கு உட்பட்டதுதான். கீல் கீழ் விளிம்பில் இருக்கும் ஒரு பலகை அது, ஒரு தண்டைப் போலவே திரும்பும். ஆனால் அது கிடைமட்டத்திலிருந்து அல்ல, நிமிர்ந்த நிலையிலிருந்து விழுவதால் வேகம் இன்னும் கூடுதல். தாழ்ப்பாளைத் திறந்து அப்படியே விட்டுவிட்டால், கதவு கீழே தொங்கும் நிலைக்கு வரும்போது கீல்கள் அதன் எடையைப்போல நான்கு மடங்கு தாங்குகின்றன. 60 கிலோ கதவென்றால் 240 கிலோ. 60 சென்டிமீட்டர் உயரக் கதவின் விளிம்பு அப்போது மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்தக் கதவைத் திறக்கும்போது பக்கவாட்டில் நின்று, இரண்டு பேராகப் பிடித்து இறக்குங்கள்.