சரக்கு வராத நாளில் நஷ்டக் கணக்கு

விழுப்புரத்தில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தீபாவளி விற்பனைக்காக ஈரோட்டு மொத்த வியாபாரியிடம் 200 காட்டன் சேலைகள் கேட்கிறார். சேலை 400 ரூபாய், அக்டோபர் 1-ஆம் தேதி கடையில் வந்து இறங்க வேண்டும் என்று பேச்சு. முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை. அன்றைய தினம் போன் வருகிறது: "அண்ணே, சரக்கு அனுப்ப முடியாது. வேற இடத்துல பாத்துக்குங்க."

அன்றைக்குச் சந்தையில் அதே ரகச் சேலை 450 ரூபாய். கடைக்காரருக்குக் கோபம். ஈரோட்டுக்காரரே இறங்கி வருவார் என்று காத்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து வேறு வழியின்றி வெளியே வாங்கும்போது விலை 520 ஆகிவிட்டது. சேலைக்கு 120 வீதம் 24,000 ரூபாய் கூடுதல் செலவு. இதை முழுதாகக் கேட்டு வழக்குப் போட்டால் கிடைக்குமா?

கிடைக்காது. 10,000 ரூபாய்தான் கணக்கில் வரும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 73-ஆவது பிரிவு நஷ்டஈட்டைப் பற்றிப் பேசுகிறது. ஒப்பந்தம் மீறப்பட்டதால் வந்த இடைஞ்சலைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் நஷ்டத்தை மதிப்பிடும்போது பார்க்க வேண்டும் என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. 450-க்குச் சந்தையில் சரக்கு இருந்தது. வாங்கியிருந்தால் இழப்பு சேலைக்கு 50 ரூபாயோடு நின்றிருக்கும். அதற்குமேல் ஏறியது அவர் காத்திருந்ததால் வந்தது. அதை எதிராளி தலையில் கட்ட முடியாது.

இதைக் கேட்டு, ஏமாற்றப்பட்டவனுக்கே இன்னொரு சுமையா என்று வருத்தப்படத் தோன்றும். ஆனால் சட்டம் கேட்பது, நிதானமான ஒரு வியாபாரி அந்த இடத்தில் செய்திருக்கக்கூடியதை மட்டும்தான். கந்துவட்டிக்குக் கடன் வாங்கியோ, ஊர் ஊராக அலைந்தோ எதிராளியின் நஷ்டத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அன்றே வேறு வியாபாரியிடம் வாங்கி, லாரி வாடகை தனியாக 1,500 கொடுத்திருந்தால், அந்த நியாயமான செலவையும் சேர்த்து 11,500 கேட்கலாம். சந்தையில் எங்குமே சரக்கு இல்லையென்றால் கதை வேறு. கடைக்காரர் விற்பதற்குத்தான் வாங்குகிறார் என்பது ஈரோட்டுக்காரருக்குத் தெரியும். ஆகவே வழக்கமான விற்பனை லாபத்தைக் கேட்க இடம் உண்டு.

இனி இன்னொரு சிக்கல். அந்த 200 சேலைகளில் 100-ஐ ஊழியர்களுக்குக் கொடுப்பதற்காக 750 ரூபாய் வீதம் வாங்கிக்கொள்வதாக ஒரு தொழிற்சாலை சொல்லியிருந்தது என்று வையுங்கள். அந்த ஆர்டர் கைநழுவிப் போனது. இழப்பு உண்மையானதுதான். ஆனாலும், ஒப்பந்தம் பேசியபோது ஈரோட்டுக்காரருக்கு அது தெரியாதென்றால் அந்தப் பெரிய லாபத்துக்கு அவர் பொறுப்பில்லை. மீறலிலிருந்து இயல்பாக விளையும் நஷ்டம், அல்லது ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டம், இந்த இரண்டுக்குத்தான் ஈடு உண்டு. இங்கிலாந்தில் 1854-இல் ஹாட்லி எதிர் பாக்ஸண்டேல் வழக்கில் வகுக்கப்பட்ட இந்த நெறியே 73-ஆவது பிரிவில் இடம்பெற்றிருக்கிறது.

நம் பக்கத்து வழக்கு ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. திருவிழா நடக்கும் ஊரில் நல்ல வேலை கிடைக்கும் என்று ஒரு தையல்காரர் தம் தையல் மெஷினையும் துணி மூட்டையையும் ரயிலில் அனுப்பினார். ரயில்வே ஊழியர்களின் தவறால் திருவிழா முடிந்த பிறகே அவை வந்து சேர்ந்தன. போன செலவையும் போன லாபத்தையும் கேட்டார். திருவிழாவுக்காக அனுப்புவதை அவர் ரயில்வேயிடம் சொல்லவில்லை. எனவே அவை தொலைவான நஷ்டங்கள் என்று 1898-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. மெஷினை ஒப்படைக்கும்போதே விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவர் வழக்கு வலுத்திருக்கும். நம் ஜவுளிக்காரரும் தொழிற்சாலை ஆர்டரைப் பற்றி, விலை பேசி முடிப்பதற்கு முன்பே ஒரு வரி எழுதி அனுப்பியிருக்க வேண்டும். பேசி முடித்த பிறகு சொல்வது பயன்படாது. அந்த அபாயத்தைத் தெரிந்துகொண்டு எதிராளி விலை சொன்னாரா என்பதே கேள்வி.

சந்தை விலைக்கு அத்தாட்சி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சரக்கு வராது என்று தெரிந்த அன்றே இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். 1961-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முரளிதர் சிரஞ்சிலால் வழக்கில், கான்பூரில் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டிய கேன்வாஸ் துணி அனுப்பப்படவில்லை. வாங்குபவர் கல்கத்தா விலையைக் காட்டி நஷ்டஈடு கேட்டார். கல்கத்தாவில் விற்கத்தான் வாங்குகிறார் என்பது விற்பவருக்குத் தெரிந்திருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. பார்க்க வேண்டியது கான்பூர் விலையே என்றது நீதிமன்றம். மீறிய நாளின் கான்பூர் விலைக்கு அவரிடம் சாட்சியம் இல்லை. வழக்குத் தள்ளுபடியானது.