வளைந்த புள்ளிகளை நேராக்கும் மடக்கை

பாடப்புத்தகத்தின் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, விளங்காத கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. புள்ளியியல் படிக்கும் என் அக்கா மகள் அப்படி அனுப்பிய ஒரு பயிற்சியைப் பற்றியது இந்தக் கட்டுரை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு, 1860 வரை, மில்லியனில் (ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம்) கொடுக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே அதன் சிதறல் விளக்கப்படமும் இருந்தது. படத்தோடு அவள் கேட்ட கேள்வி இது: "மாமா, ஒட்டுறவுக் கெழு 0.96 வருது. அவ்வளவு இருந்தும் நேர்கோடு பொருந்தாது, மடக்கை எடுன்னு ஏன் போட்டிருக்கு?"

நல்ல கேள்வி. ஒட்டுறவுக் கெழு 1-ஐ நெருங்கினால் புள்ளிகள் நேர்கோட்டில் இருக்கின்றன என்றுதான் பலரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். இந்தப் பயிற்சி அந்த நம்பிக்கையைச் சோதிக்கிறது.

ஆனால் கணக்கில் இறங்குவதற்கு முன்னால் போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தில் இருக்கும் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்துப் புள்ளிகளை அளக்கக் கூடாது. போனைச் சாய்த்துப் பிடித்தால் தட்டையான தாளில் உள்ள நேர்கோடு படத்திலும் நேர்கோடாகவே விழும். ஆனால் சம இடைவெளிகள் சமமாக விழா, தூரத்து ஓரம் சுருங்கிவிடும். புத்தகத்தின் தையல் பக்கம் தாள் எழும்பி வளைந்திருந்தால் நேர்கோடே வளைந்து தெரியும். அப்போது வளைவு எண்களில் இருக்கிறதா, தாளில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே எண்களை அட்டவணையிலிருந்து எடுத்து, புள்ளிகளை நாமே புதிதாகக் குறிக்க வேண்டும்.

அட்டவணை இதுதான். மூன்றாவது நிரலில் இருப்பது 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை.

| ஆண்டு | மக்கள்தொகை (மில்லியன்) | மடக்கை |
|---|---|---|
| 1790 | 3.93 | 0.594 |
| 1800 | 5.31 | 0.725 |
| 1810 | 7.24 | 0.860 |
| 1820 | 9.64 | 0.984 |
| 1830 | 12.87 | 1.110 |
| 1840 | 17.07 | 1.232 |
| 1850 | 23.19 | 1.365 |
| 1860 | 31.44 | 1.497 |

முதலில் மடக்கையை மறந்துவிட்டு, மக்கள்தொகைக்கே மீச்சிறு வர்க்க முறையில் ஒரு நேர்கோடு போட்டுப் பார்ப்போம். பத்தாண்டுக்கு 3.75 மில்லியன் வீதம் ஏறும் கோடு கிடைக்கிறது. ஒட்டுறவுக் கெழு அவள் சொன்னபடி 0.96-தான். ஆனால் அந்தக் கோடு 1790-க்குச் சொல்லும் மக்கள்தொகை 0.72 மில்லியன், உண்மையில் இருந்தது 3.93. நடுவில் 1830-க்கு 15.71 என்கிறது, இருந்தது 12.87. கடைசியில் 1860-க்கு 26.95 என்கிறது, இருந்தது 31.44. இரு முனைகளிலும் புள்ளிகள் கோட்டுக்கு மேலே, நடுவில் கோட்டுக்குக் கீழே. கோட்டைப் பத்தாண்டு பின்னால் நீட்டி 1780-க்குக் கொண்டுபோனால் மக்கள்தொகை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது.

அவள் கேள்விக்கு விடை இந்த மேல்–கீழ்–மேல் வரிசையில் இருக்கிறது. ஒரு அளவு கூடும்போது இன்னொன்றும் தொடர்ந்து கூடினாலே ஒட்டுறவுக் கெழு பெரும்பாலும் உயர்ந்துவிடும். கோடு வளைந்திருக்கிறதா என்பதை அந்த ஒற்றை எண் காட்டாது. காட்டுவது, ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எச்சங்கள்தான். நேர்கோடு சரியென்றால் எச்சங்கள் கூட்டலும் கழித்தலுமாக ஒழுங்கின்றிக் கலந்து வரும். ஓர் ஒழுங்கோடு வந்தால், அந்த வளர்ச்சியின் வடிவம் நேர்கோடு அல்ல என்று பொருள்.

அப்படியானால் அதன் வடிவம் என்ன? அடுத்தடுத்த மக்கள்தொகைகளைக் கழித்துப் பார்த்தால் முதல் பத்தாண்டில் 1.38 மில்லியன் கூடியிருக்கிறது, கடைசிப் பத்தாண்டில் 8.25 மில்லியன். கூடும் அளவே கூடிக்கொண்டு போகிறது. கழிப்பதற்குப் பதில் வகுத்துப் பாருங்கள். 5.31-ஐ 3.93-ஆல் வகுத்தால் 1.35, 31.44-ஐ 23.19-ஆல் வகுத்தால் 1.36. எழுபது ஆண்டு இடைவெளியிலும் பெருக்கும் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. இது கூட்டு வட்டி வளரும் விதம்: வட்டி வீதம் மாறாது, அசல் பெருகுவதால் கிடைக்கும் வட்டி பெருகும்.

மடக்கை இங்கே செய்யும் வேலை இதுதான். அது பெருக்கலைக் கூட்டலாக மாற்றும். ஒவ்வொரு பத்தாண்டும் மக்கள்தொகை ஒரே எண்ணால் பெருக்கப்பட்டால், அதன் மடக்கை ஒவ்வொரு பத்தாண்டும் ஒரே எண்ணால் கூடும். ஒரே அளவாகக் கூடுவதுதானே நேர்கோடு? மூன்றாவது நிரலில் அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் 0.131, 0.135, 0.124, 0.126, 0.122, 0.133, 0.132 என்று வருகிறது. ஏழும் நெருங்கிய எண்கள். கிடை அச்சில் ஆண்டையும் நிலை அச்சில் மடக்கையையும் வைத்துக் குறித்தால், எட்டுப் புள்ளிகளும் அளவுகோல் வைத்தாற்போல ஒரு கோட்டில் நிற்கின்றன. ஆண்டுக்கு மடக்கை எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு அச்சுக்கும் மடக்கை எடுப்பது வேறு வகை வளர்ச்சிக்கான முறை.

அந்தக் கழித்தல் நிரலுக்கு இன்னொரு பயனும் உண்டு. மங்கலான போட்டோவில் 3.93 என்பது 3.03 என்று தெரியலாம். அப்படியே எழுதிக்கொண்டால் மக்கள்தொகையின் அதிகரிப்புகள் 2.28, 1.93, 2.40, 3.23 என்று போகும். அதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. மடக்கையிலோ முதல் வித்தியாசம் 0.244 ஆகிவிடும். மற்றவை எல்லாம் 0.13-ஐ ஒட்டி நிற்க, இது மட்டும் இரண்டு மடங்கு. உடனே படத்தைப் பெரிதாக்கி அந்த இலக்கத்தைப் பார்க்கத் தோன்றும். சிறிய எண்களில் ஏற்படும் பிழையை மடக்கை இப்படித்தான் எடுத்துக் காட்டும். அதனாலேயே, அளவீட்டில் சிறிய எண்கள் நம்பகமற்றவையாக இருந்தால் மடக்கைக் கோடு அவற்றால் தடம் மாறும் ஆபத்தும் உண்டு. பூஜ்யத்துக்கு மடக்கையே கிடையாது; அட்டவணையில் ஒரு பூஜ்யம் இருந்தால் இந்த முறையை அப்படியே பயன்படுத்த முடியாது.

இனி கோடு. 1790-ஐ பூஜ்யமாக வைத்து, பத்தாண்டுகளை t என்று எண்ணினால் மீச்சிறு வர்க்க முறையில் கிடைப்பது:

log P = 0.597 + 0.128 t

இதில் P என்பது மில்லியன் கணக்கில் மக்கள்தொகை. இத்தோடு நிறுத்திவிட்டு "பத்தாண்டுக்கு 0.128 கூடுகிறது" என்று விடை எழுதுபவர்கள் நிறையப் பேர். கூடுவது மக்கள்தொகை அல்ல, அதன் மடக்கை. எதிர்மடக்கை எடுத்தால்தான் விடை நாட்டுக்குத் திரும்பி வரும். 0.597-இன் எதிர்மடக்கை 3.95, அது 1790-க்குக் கோடு தரும் மக்கள்தொகை. 0.128-இன் எதிர்மடக்கை 1.34, பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை 1.34 மடங்காகிறது, அதாவது 34 சதவீதம் வளர்கிறது. 2-இன் மடக்கையான 0.301-ஐ 0.128-ஆல் வகுத்தால் 2.35 பத்தாண்டுகள்; மக்கள்தொகை இரட்டிக்க இருபத்து மூன்றரை ஆண்டுகள் பிடித்திருக்கிறது. 1798-இல் மால்தஸ், அமெரிக்காவில் மக்கள் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறார்கள் என்று எழுதினார். அவர் சொன்னதற்கு வெகு அருகில்தான் நம் கோடும் வந்து நிற்கிறது.

கால்குலேட்டரில் log, ln என்று இரண்டு பொத்தான்கள் இருப்பதால் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. எதை அழுத்தினாலும் புள்ளிகள் நேராகும். ln அழுத்தினால் சாய்வு 0.295 என்று வரும். அதற்கு eˣ வழியாகத் திரும்பினால் அதே 1.34 கிடைக்கும். போகும்போது ln, திரும்பும்போது 10ˣ என்று கலந்துவிட்டால் 1.97 வரும், பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை இரட்டித்தது என்று ஆகிவிடும். முதல் இரண்டு வரிகளைப் பார்த்தாலே போதும்: 3.93 பத்தாண்டில் 5.31 ஆனதே தவிர இரட்டிக்கவில்லை. விடையை எப்போதும் இப்படி அட்டவணையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பயிற்சியின் கடைசிக் கேள்வி, 1900-இல் மக்கள்தொகை எவ்வளவு என்பது. t-க்கு 11 போட்டால் மடக்கை 2.005, எதிர்மடக்கை சுமார் 101 மில்லியன். உண்மையில் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது 76 மில்லியன். கூட்டல் பெருக்கலில் பிழையில்லை. நேராக இருந்தது 1860 வரை மட்டுமே. அதற்குப் பிந்தைய கணக்குகளையும் மடக்கை எடுத்துக் குறித்தால் 1870-லேயே புள்ளி கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. பிறகு விலகல் பெருகிக்கொண்டே போகிறது. உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. ஆனால் அது முடிந்த பிறகும் புள்ளிகள் பழைய கோட்டுக்குத் திரும்பவில்லை. வளர்ச்சி வீதமே தளர்ந்திருந்தது. 1920-இல் பேர்ல், ரீடு என்ற இரு ஆய்வாளர்கள் இந்த எண்களுக்கு, முதலில் வேகமாக ஏறிப் பின்னர் தணியும் வளைகோட்டைப் பொருத்திப் பார்த்தது இதனால்தான். நம் நேர்கோட்டை 2000 வரை இழுத்தால் 190 கோடிப் பேர் என்கிறது. அந்த ஆண்டு எண்ணியதோ 28 கோடி.

எனவே அவளுக்கு நான் எழுதி அனுப்பிய விடையில் நான்கு வரிகள் இருந்தன. எச்சங்கள் மேல்–கீழ்–மேல் என ஒழுங்காக வருவதால் மக்கள்தொகைக்கு நேர்கோடு பொருந்தாது. மடக்கை எடுத்தபின் அந்த ஒழுங்கு மறைகிறது. 1790 முதல் 1860 வரை பத்தாண்டுக்கு 34 சதவீத வளர்ச்சி என்று உறுதியாகச் சொல்லலாம். 1900-க்கான 101 மில்லியன், அந்த வீதம் மாறாமல் இருந்திருந்தால் மட்டுமே பொருந்தும் எண். இந்தக் கடைசி வரியை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால், கணக்கு சரியாக இருந்தும் விடை பாதிதான்.